சம்பளத்தில் ஒரு ரூபாய் பிசகாத நாம், வட்டியை மட்டும் ஏன் "மறக்கிறோம்"?

வைகைக்கரை (ஆகஸ்ட் 2025, சனி இரவு)

அப்பாவுக்கு 71 வயது. அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர். மாதம் 47,000 பென்ஷன். ஓய்வின்போது வந்த பணத்தை மூன்று வங்கிகளில் ஃபிக்சட் டெபாசிட்டாகப் போட்டிருக்கிறார். இத்தனை வருஷமாகத் தெருமுனை பிரவுசிங் சென்டரில் பென்ஷன் தாளை மட்டும் காட்டி வருமான வரிப் படிவம் போட்டு வந்தோம். இந்த வருஷம் கடைசித் தேதியைச் செப்டம்பர் 15க்குத் தள்ளிவிட்டார்களே, நிதானமாக நானே போடலாம் என்று உட்கார்ந்தேன்.

வருமான வரித் தளத்தில் ஏஐஎஸ் என்று ஒன்று இருக்கிறது, வருடாந்திரத் தகவல் தாள். திறந்து பார்த்தால் மூன்று வங்கிகளும் பெயர் பெயராக நிற்கின்றன. 98,000, 91,000, 57,000. மொத்தம் 2,46,000 வட்டி. இதில் ஒரு பைசாவைக்கூட நாங்கள் எந்த வருஷமும் எழுதியதில்லை.

அப்பா பொய் சொல்கிற ஆள் இல்லை. மளிகைக் கடையில் இரண்டு ரூபாய் அதிகமாகக் கொடுத்துவிட்டால் திரும்ப நடந்து போய்க் கொடுத்துவிட்டு வருவார். "வரி பிடிக்காதீர்கள் என்று வங்கியில் 15ஹெச் படிவம் எழுதிக் கொடுத்தேனே, வரி பிடிக்கவில்லை, அப்படியானால் அதற்கு வரி கிடையாது என்றுதானே அர்த்தம்?" என்கிறார். என்னுடைய கேள்வி வேறு. நான் பள்ளி ஆசிரியர். என் சம்பளத்தை ஒரு ரூபாய் கூடக் குறையாமல் எழுதுகிறேன், எழுதாமல் இருக்கலாம் என்று தோன்றியதே இல்லை. அதே நான் அப்பாவின் வட்டியை ஏழெட்டு வருஷம் விட்டிருக்கிறேன். இது நேர்மை சம்பந்தப்பட்டதா, பயம் சம்பந்தப்பட்டதா, அல்லது வேறு ஏதாவதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

தறிக்காரன்

இதில் யோசிக்க ஒன்றும் இல்லை தம்பி. சம்பளத்தில் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் கையில் கொடுக்கிறார்கள். பிடித்தது பிடித்ததுதான், அப்புறம் எழுதினால் என்ன எழுதாவிட்டால் என்ன? கூடப் பிடித்திருந்தால் திரும்ப வாங்கவாவது படிவம் போட்டாக வேண்டும். வட்டியில் பிடிக்கவில்லை, அதனால் எழுதவில்லை. கையில் வந்த பணத்தைத் திருப்பிக் கேட்டால் யாருக்கும் மனசு வராது. எல்லாம் டிடிஎஸ் செய்கிற வேலை. எல்லா இடத்திலும் பிடித்துவிட்டுக் கொடுத்தால் நாட்டில் வரி ஏய்ப்பே இருக்காது.

---

கணக்குப்பிள்ளை62

ஈரோட்டில் முப்பது வருஷமாக ஆடிட்டர் ஆபீஸ் நடத்துகிறேன். தறிக்காரர் சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதியைத்தான் எல்லாரும் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

பிடிப்பது ஒன்று, சொல்வது இன்னொன்று. சம்பளத்தில் இரண்டும் ஒன்றாக நடப்பதால் நமக்கு ஒரே விஷயம் போலத் தெரிகிறது. வைகைக்கரையின் அப்பா விஷயத்தில் இரண்டும் பிரிந்து நிற்கின்றன, பாருங்கள். அவர் 15ஹெச் கொடுத்தார், வங்கி வரி பிடிக்கவில்லை. ஆனால் வங்கி சும்மா இருக்கவில்லை. "இந்த பான் எண்ணுக்கு இவ்வளவு வட்டி கொடுத்தோம், 15ஹெச் கொடுத்ததால் பிடிக்கவில்லை" என்று காலாண்டு அறிக்கையில் எழுதி அனுப்பிவிட்டது. வருமான வரித் தளத்தில் 26ஏஎஸ் என்ற வரிப் பிடித்தத் தாளைத் திறந்து இரண்டாம் பகுதியைப் பாருங்கள். 15ஜி, 15ஹெச் கொடுத்தவர்களுக்கென்றே அங்கே தனி அட்டவணை இருக்கிறது. பிடித்த வரிக்கான கட்டத்தில் சுழி இருக்கும், கொடுத்த தொகை முழுசாக இருக்கும். வருஷக் கடைசியில் வட்டிக் கணக்கை வங்கி இன்னொரு வழியாகவும் அனுப்புகிறது. அதற்கு மே 31 கெடு. ஒரு ரூபாய் பிடிக்காமலே இவ்வளவும் துறைக்குத் தெரிந்திருக்கிறது.

எது எவ்வளவு வேலை செய்கிறது என்பதற்கு அமெரிக்க வரித்துறையின் கணக்கு ஒன்று உண்டு. 2014 முதல் 2016 வரையிலான வருஷங்களுக்கு அவர்கள் போட்ட மதிப்பீடு அது. சம்பளத்தில் தகவலும் உண்டு, பிடித்தமும் உண்டு. அதில் 100 டாலருக்கு 1 டாலர்தான் கணக்கில் வராமல் போகிறது. வங்கி வட்டி, டிவிடெண்ட் மாதிரி தகவல் மட்டும் போய்ச் சேர்கிற வருமானத்தில் 6 டாலர். யாரும் எதுவும் சொல்லாத, ஆள் தானே எழுதினால்தான் உண்டு என்கிற சொந்தத் தொழில் வருமானத்தில் 55 டாலர்.

55இல் இருந்து 6க்கு இறக்கியது தகவல். 6இல் இருந்து 1க்கு இறக்கியது பிடித்தம். தறிக்காரர் சின்னப் படியைப் பார்த்துவிட்டுப் பெரிய படியை விட்டுவிட்டார்.

---

குமரன்_ஸ்டோர்

கடைசியில் வியாபாரிகள் எல்லாம் திருடர்கள் என்று சொல்ல வருகிறீர்கள், அப்படித்தானே? நான் ஜிஎஸ்டி கட்டுகிறேன், தொழில் வரி கட்டுகிறேன், கடை வாடகைக்கு மேல் கரண்ட் பில் கட்டுகிறேன். சம்பளக்காரருக்கு மாதம் ஒன்றாம் தேதி பணம். எனக்கு மழை பெய்தால் வியாபாரம் இல்லை. என் கடையில் முக்கால்வாசி ஜிபே, போன்பே. அதில் மச்சான் அனுப்பின கைமாற்றுகூட வருகிறது. அதற்கும் வரியா? இதற்கு யாராவது பதில் சொல்லுங்கள்.

---

ஆர்ஹுஸ்வாசி

குமரன் அண்ணே, உங்களை யாரும் திருடர் என்று சொல்லவில்லை. டென்மார்க் கதை ஒன்று சொல்கிறேன், அதைப் படித்தால் உங்கள் கோபம் கொஞ்சம் குறையும்.

இங்கே வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. இந்த ஊரில் வரிப் படிவத்தில் என் சம்பளத்தை ஒரு முறைகூட என் கையால் எழுதியதில்லை. மார்ச் மாதம் `TastSelv` என்ற தளத்தைத் திறந்தால் சம்பளம், வங்கி வட்டி, வீட்டுக்கடன் வட்டி, தொழிற்சங்கச் சந்தா எல்லாம் நிரப்பியே இருக்கும். என் அடையாள எண்ணை வைத்துக் கம்பெனியும் வங்கியும் சங்கமும் முன்னாலேயே சொல்லி முடித்திருப்பார்கள். நான் பார்த்து, சரி என்றால் விட்டுவிட வேண்டியதுதான். வேலைக்குப் போய்வருகிற தூரத்துக்குக் கழிவு உண்டு, அந்த மாதிரி ஒன்றிரண்டைச் சரிபார்த்து நிரப்புவேன். ஐந்து நிமிட வேலை.

ஊரில் இருந்து வருகிறவர்கள் இதைப் பார்த்துவிட்டு, "இந்த ஜனங்கள் யோக்கியமானவர்கள், அதனால் ஒழுங்காகக் கட்டுகிறார்கள்" என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். 2011இல் வெளிவந்த ஒரு ஆய்வைப் படித்த பிறகு அந்த நினைப்பு போய்விட்டது. கிளெவன், சாயஸ் முதலிய பொருளியலாளர்கள் இங்குள்ள வரித்துறையோடு சேர்ந்து செய்தது. நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்களை எடுத்து, அதில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் பொறுக்கி, 2006ஆம் வருஷக் கணக்கை ஒன்று விடாமல் தோண்டிப் பார்த்தார்கள். சந்தேகத்தின் பேரில் இல்லை, சும்மா குலுக்கலில்.

கம்பெனி, வங்கி மாதிரி மூன்றாம் ஆள் சொல்லிவிட்ட வருமானத்தில் மறைத்தது அரை சதவீதம்கூட இல்லை. ஆள் தானே சொல்ல வேண்டிய வருமானத்தில் சுமார் 40 சதவீதம் மறைந்திருந்தது. இரண்டும் ஒரே ஊர், ஒரே ஜனம். சொல்லப்போனால் ஒரே ஆளுடைய ஒரே படிவத்தில் இரண்டு வரிகள். மேல் வரியில் யோக்கியர், கீழ் வரியில் வேறு ஆள். டேனிஷ்காரர் பண்பாடு என்று சொன்னால் கீழ் வரிக்கு என்ன பதில்?

அடுத்த வருஷம் இன்னொன்று செய்தார்கள். ஒரு பகுதி ஆட்களுக்கு "உங்கள் கணக்கு கட்டாயம் சோதிக்கப்படும்" என்று கடிதம், சிலருக்கு "சோதிக்கப்பட அரைவாசி வாய்ப்பு" என்று கடிதம், மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. கடிதம் வந்தவர்கள் பயந்து கூடுதலாக எழுதினார்கள். ஆனால் எந்த வரியில்? தானே எழுதுகிற வரியில் மட்டும்தான். மூன்றாம் ஆள் சொன்ன வரி கடிதத்துக்கு அசையவே இல்லை, அசைய அங்கே இடமே இல்லை. வைகைக்கரை கேட்ட "நேர்மையா, பயமா" என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்த நல்ல பதில் இது. பயத்துக்கு வேலை இருக்கிற இடம் வேறு, மூன்றாம் ஆள் கொடுத்த இரண்டாம் பிரதி இருக்கிற இடம் வேறு.

---

வைகைக்கரை

"ஒரே படிவத்தில் இரண்டு வரிகள்" என்றதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். என் வீட்டில் நடந்தது அதேதான்.

கணக்குப்பிள்ளை சார், இரண்டு சந்தேகம். ஒன்று, ஏஐஎஸ் தாளில் 98,000 இரண்டு இடத்தில் வருகிறது. மற்ற இரண்டு வங்கியும் அப்படியே. கூட்டினால் 4,92,000 ஆகிறது, அப்பாவுக்குப் படபடப்பு வந்துவிட்டது. இரண்டாவது, அந்த 57,000 முதிர்வில் மொத்தமாக வருகிற டெபாசிட். கையில் ஒரு ரூபாய் வரவில்லை. "வராத வட்டிக்கு எப்படி வரி?" என்கிறார். மேலும் இதற்கெல்லாம் எவ்வளவு வரி வரும்?

---

கணக்குப்பிள்ளை62

அப்பாவிடம் படபடப்பு வேண்டாம் என்று சொல்லுங்கள். நான் முதலில் சொன்னேனே, வங்கி இரண்டு வழியாகச் சொல்கிறது என்று. காலாண்டு அறிக்கை ஒரு வழி, வருஷக் கடைசி அறிக்கை இன்னொரு வழி. ஒரே வட்டி இரண்டு முறை வந்து நிற்கிறது. பக்கத்திலேயே டிஐஎஸ் என்று சுருக்கத் தாள் இருக்கும், அதில் பெரும்பாலும் ஒன்றாக்கிக் காட்டியிருப்பார்கள். அங்கேயும் இரட்டிப்பாக இருந்தால், வங்கியில் வட்டிச் சான்றிதழ் வாங்கி ஒப்பிட்டுவிட்டு, அந்த வரியின் மேல் `Information is duplicate / included in other information` என்பதைத் தேர்ந்தெடுத்துப் பதில் அனுப்புங்கள். ஏஐஎஸ் தாளில் இருப்பது வங்கி சொன்னது. அதுவே வேதவாக்கு இல்லை. சான்றிதழைப் பார்க்காமல் அதை அப்படியே காப்பி அடிப்பவர்களும் தப்பு செய்கிறார்கள்.

கையில் வராத வட்டி பற்றி. வங்கி ஒவ்வொரு வருஷமும் சேர்ந்த வட்டியைச் சொல்லிவிடும். நீங்கள் ஐந்தாம் வருஷம் முதிர்ந்ததும் மொத்தமாக எழுதினால், முதல் நாலு வருஷமும் "வங்கி சொன்னது இருக்கிறது, இவர் எழுதவில்லை" என்று நிற்கும். ஐந்தாம் வருஷம் நீங்கள் எழுதியது வங்கி சொன்னதைவிடப் பல மடங்கு இருக்கும். ஒரே நேரத்தில் ஐந்து வருஷ வட்டி விழுந்தால் வரி விகிதமும் மேலே போகும். வருஷா வருஷம் எழுதிவிடுவதுதான் நிம்மதி.

இப்போது கணக்கு. புதிய முறையில், 2024-25 வருஷத்துக்குப் போடுகிறேன். பென்ஷன் 5,64,000. நிலையான கழிவு 75,000 போக 4,89,000. இதோடு நின்றால் வரி சுழி, 7 லட்சம் வரை தள்ளுபடி இருக்கிறது. நீங்கள் இதுவரை இதைத்தான் காட்டி வந்தீர்கள். வட்டி 2,46,000 சேர்ந்தால் 7,35,000. 7 லட்சத்தைத் தாண்டியதும் தள்ளுபடி போய்விடுகிறது. 3இல் இருந்து 7 லட்சம் வரை 5 சதவீதம், அது 20,000. மேலே உள்ள 35,000க்கு 10 சதவீதம், 3,500. ஆக 23,500. அதன் மேல் 4 சதவீதம் செஸ் சேர்த்து 24,440 ரூபாய். 60 வயது தாண்டி, தொழில் வருமானம் இல்லாதவருக்கு முன்கூட்டி வரி கட்டும் கட்டாயம் இல்லை என்பதால், கெடுவுக்குள் கட்டிவிட்டால் வட்டி அபராதம் கிடையாது.

15ஹெச் எங்கே தப்பாயிற்று என்றும் பார்த்துவிடுங்கள். அந்தப் படிவத்தில் "என் மொத்த வருமானத்துக்கு வரி சுழி" என்று உறுதி சொல்லித்தான் கையெழுத்துப் போடுகிறோம். மூன்று வங்கியும் தன் வட்டியை மட்டும்தான் பார்க்கும். 98,000 கொடுக்கிற வங்கிக்கு, பென்ஷனும் மற்ற இரண்டு வங்கியும் தெரியாது. நாலையும் ஒன்றாகப் பார்க்கிற ஒரே இடம் பான் எண். மேஜை மேல் நீட்டிய படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிற பெரியவர்கள் என்னிடம் வருஷம் ஐம்பது பேர் வருகிறார்கள். ஒருவர்கூட ஏமாற்ற நினைத்தவர் இல்லை. இனி நாலையும் கூட்டிப் பார்த்து, மொத்தத்துக்கும் வரி சுழி என்றால் மட்டும் 15ஹெச் கொடுங்கள், அவ்வளவுதான். போன வருஷத்துக்குத் திருத்திய கணக்குப் போட இன்னும் வழி இருக்கிறது, அடுத்த மார்ச்சுக்குள் என்றால் வரியும் வட்டியும் சேர்ந்ததற்கு மேல் 25 சதவீதம் கூடுதல். தள்ளிப்போட்டால் அது ஏறிக்கொண்டே போகும்.

---

தறிக்காரன்

சரி சார், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். வங்கி உண்மையைச் சொல்லும், அதற்கு அந்தப் பெரியவர்மேல் பாசமும் இல்லை, பகையும் இல்லை. முதலாளி ஏன் உண்மையைச் சொல்ல வேண்டும்? முதலாளியும் தொழிலாளியும் உட்கார்ந்து பேசி, "கணக்கில் பத்தாயிரம், கையில் பத்தாயிரம்" என்று முடித்துவிட்டால்? மூன்றாம் ஆள் சொல்கிறான் என்கிறீர்கள். அவன் மூன்றாம் ஆளே இல்லையே, கூட்டாளிதானே?

---

செல்வி_திருப்பூர்

அண்ணா, இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். பதினான்கு வருஷமாக பனியன் கம்பெனிகளில் சம்பளக் கணக்குப் பார்க்கிறேன். இரண்டு விதமான இடத்திலும் இருந்திருக்கிறேன்.

இப்போது இருக்கிற இடம் ஏற்றுமதி. நானூறு பேருக்கு மேல். இங்கே நீங்கள் சொல்கிற மாதிரி பேசி முடிக்க முடியாது. காரணம் முதலாளியின் நல்ல மனசு இல்லை, கணக்கு. கம்பெனிக்கு வருகிற பணம் எல்லாம் வெளிநாட்டில் இருந்து வங்கி வழியாக வருகிறது, அதை மறைக்க முடியாது. வருமானம் மறைக்க முடியாதபோது, செலவைக் காட்டினால்தான் லாபம் குறையும், வரி குறையும். சம்பளம்தான் பெரிய செலவு. 20,000 கொடுத்துவிட்டு 10,000 என்று காட்டினால், விடுபட்ட 10,000 கம்பெனியின் லாபமாகி அதற்கு அவர் வரி கட்ட வேண்டும். தொழிலாளியின் வரியை மிச்சப்படுத்த முதலாளி ஏன் தன் கைக்காசை விட வேண்டும்? அதற்கு மேல் நானூறு பேரில் ஒருவர் கோபித்துக்கொண்டு வெளியே போனால் போதும். கணக்கு எழுதுகிற நாங்களே ஐந்து பேர், எங்கள் வாயையும் அடைக்க வேண்டும்.

முன்பு இருந்த இடம் வேறு. பெயர் வேண்டாம். இருபத்தைந்து பேர், உள்ளூர் விற்பனை, பாதி ரொக்கம். வருகிற ரொக்கமே கணக்கில் இல்லை. அப்புறம் அதில் இருந்து கொடுக்கிற கூலியைக் கணக்கில் காட்டினால் "பணம் எங்கிருந்து வந்தது" என்று வரும். அங்கே மறைப்பது இரண்டு பேருக்கும் வசதி. சனிக்கிழமை சாயங்காலம் பழுப்புக் கவரில் ஓவர்டைம் பணம் வைத்து, மேலே பென்சிலில் பெயர் எழுதி நான்தான் வரிசையாகக் கொடுப்பேன். திங்கட்கிழமை அந்தத் தாள் இருக்காது. பி.எஃப். பிடிப்பதும் கணக்கில் காட்டிய சம்பளத்துக்குத்தான். அங்கே இருபது வருஷம் வேலை பார்த்த ஒரு அக்கா, கடைசியில் பி.எஃப். தொகையைப் பார்த்துவிட்டு என்னிடம்தான் வந்து அழுதார். கவரில் வாங்கினது எதுவும் அதில் இல்லை.

அதனால் நீங்கள் கேட்டது சரிதான். மூன்றாம் ஆள் சொன்னால் போதாது. அவனுக்கு நம்மோடு சேர்ந்து பொய் சொல்வதில் நஷ்டம் இருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், என் தப்பு. ஒரு காலாண்டு அறிக்கையில் ஒரு டெய்லரின் பான் எண்ணில் இரண்டு இலக்கத்தை மாற்றி அடித்துவிட்டேன். அந்த எண் வேறு யாருக்கோ இருந்தது. நாங்கள் கொடுத்த சம்பளச் சான்றிதழான ஃபார்ம் 16 சரியாக இருக்கிறது, 26ஏஎஸ் தாளில் வரி பிடித்ததே இல்லை. வரித்துறையில் இருந்து பாக்கி கேட்டு வந்த பிறகுதான் தெரிந்தது. திருத்த அறிக்கை அனுப்பிச் சரி செய்ய நாலு மாதம் ஆயிற்று. அந்த நாலு மாதமும் அவர் என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கடிந்து பேசவில்லை, அதுதான் எனக்கு இன்னும் உறுத்தல். யாரோ முகம் தெரியாத ஒருவருக்கும் செய்யாத வேலைக்குச் சம்பளம் ஏறி நின்றிருக்கும். இரண்டாம் பிரதி தப்பாக இருந்தால் முதல் பிரதிக்காரர்தான் அலைய வேண்டியிருக்கிறது. ஃபார்ம் 16 கையில் வந்ததும் 26ஏஎஸ் தாளோடு வைத்துப் பாருங்கள் என்று எல்லாரிடமும் இப்போது சொல்கிறேன்.

---

தறிக்காரன்

பழுப்புக் கவர் என்றதும் ஒன்றும் பேச முடியவில்லை அம்மா. என் பட்டறையிலும் சனிக்கிழமை ரொக்கம்தான். ஆட்களே வங்கியில் வேண்டாம் என்கிறார்கள், அதுவும் உண்மை. ஆனால் அந்த அக்கா கதையை அவர்களிடம் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

---

கணக்குப்பிள்ளை62

செல்வி சொன்னதை என் முப்பது வருஷத்தில் இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

குமரன் தம்பிக்கு ஒன்று. சம்பளக்காரர் புனிதர், வியாபாரி பாவி என்று இங்கே யாரும் சொல்லவில்லை என்பதற்கு நானே சாட்சி தருகிறேன். சம்பளத்தை ஒரு ரூபாய் பிசகாமல் எழுதுகிற அதே ஆட்கள், வாடகை ரசீது விஷயத்தில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? பழைய முறையில் வீட்டு வாடகைப் படிக்குக் கழிவு உண்டு. வருஷ வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் எண்ணைக் கொடுக்க வேண்டும். அதனால் மாதம் 8,300 ரூபாய் வாடகையில் குடியிருப்பவர்கள் இந்தத் தமிழ்நாட்டில் எத்தனை பேர் என்று என் மேஜைக்கு வருகிற ரசீதுகளைப் பார்த்தால் தெரியும். பன்னிரண்டால் பெருக்கிப் பாருங்கள், 99,600. அங்கே இரண்டாம் பிரதி கேட்கப்படவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

அமெரிக்காவில் 1987ஆம் வருஷக் கணக்கில் இருந்து, கழிவு கேட்கிற, ஐந்து வயது நிறைந்த ஒவ்வொரு குழந்தைக்கும் அடையாள எண் எழுத வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். அதற்கு முன்பு பெயர் எழுதினால் போதும். அந்த ஒரு வருஷத்தில் சுமார் 70 லட்சம் பிள்ளைகள் படிவங்களில் இருந்து காணாமல் போனார்கள். அந்தப் பெற்றோர் எல்லாரும் வியாபாரிகள் இல்லை.

---

குமரன்_ஸ்டோர்

சார் சொன்னதற்கு நன்றி. கோபத்தில் எழுதினேன், செல்வி அக்கா பதிவைப் படித்தபின் கேள்வி புரிந்தது. ஆனால் என் பயம் போகவில்லை. போன மாதம் பெங்களூரில் என்ன நடந்தது? யுபிஐ கம்பெனிகளிடம் கணக்கு வாங்கி, வரவு அதிகம் இருந்த சின்னக் கடைக்காரர்களுக்கெல்லாம் ஜிஎஸ்டி நோட்டீஸ் அனுப்பினார்கள். காய்கறி, பால் விற்கிறவருக்கும் போயிற்று, அந்தப் பொருளுக்கு ஜிஎஸ்டியே கிடையாது. அடுத்த நாளே கடைகளில் "யுபிஐ இல்லை, ரொக்கம் மட்டும்" என்று அட்டை தொங்கியது. எங்கள் சங்கத்திலும் பேச்சு அதுதான். க்யூஆர் அட்டையைக் கழற்றிவிடலாமா என்று நாலு பேர் கேட்கிறார்கள்.

---

கணக்குப்பிள்ளை62

உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. வங்கி "இவருக்கு 98,000 வட்டி கொடுத்தேன்" என்று சொன்னால் அது வருமானம்தான், சந்தேகம் இல்லை. யுபிஐ கம்பெனி "இவர் கணக்கில் 55 லட்சம் வந்தது" என்று சொன்னால் அது வருமானம் இல்லை, வரவு. அதில் கொள்முதல் விலை இருக்கிறது, உங்கள் மச்சான் கைமாற்று இருக்கிறது. கைமாற்றுக்கு வரி இல்லை, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாதி விவரத்தை முழு விவரமாக எடுத்துக்கொண்டு நோட்டீஸ் அனுப்பினால் ஜனங்கள் அந்த வழியை விட்டே ஓடுவார்கள். சம்பளக்காரர் வங்கியை விட்டு ஓட முடியாது. உங்களால் ஓட முடியும், அதுதான் வித்தியாசம்.

ஆனாலும் அட்டையைக் கழற்றச் சொல்ல மாட்டேன். வருமான வரியில் உத்தேச லாபக் கணக்கில் போனால், வங்கி வழி வரவுக்கு 6 சதவீதம் லாபம் காட்டினால் போதும், ரொக்கத்துக்கு 8. ரொக்கத்துக்கு மாறினால் அந்தச் சலுகையும் போகும்.

---

குமரன்_ஸ்டோர்

6க்கும் 8க்கும் உள்ள வித்தியாசத்தைவிட நோட்டீஸுக்கு ஆடிட்டர் பீஸ் அதிகம் சார். உங்களைச் சொல்லவில்லை. சங்கத்தில் இன்னும் முடிவாகவில்லை.

---

ஆர்ஹுஸ்வாசி

இங்கேயும் இது தீர்ந்த விஷயம் இல்லை குமரன் அண்ணே. அந்த 40 சதவீதம் பெரும்பாலும் சொந்தத் தொழில்காரர் தானே எழுதுகிற வருமானத்தில்தான். சம்பளத்தைப் பார்க்கிற மாதிரி கடையைப் பார்க்கிற இரண்டாம் கண் எந்த நாட்டிடமும் முழுசாக இல்லை.

---

வைகைக்கரை (மூன்று நாள் கழித்து)

நேற்று அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து எல்லாவற்றையும் காட்டினேன். மூன்று வங்கியிலும் வட்டிச் சான்றிதழ் வாங்கி வந்தார், தொகை சரியாக இருந்தது. இரட்டிப்பு டிஐஎஸ் தாளில் ஒன்றாகியிருந்தது. 24,440 கட்டத் தயாராக இருந்தோம்.

அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சேமிப்புக் கணக்கில் வந்த சின்ன வட்டி, ஒரு கம்பெனி பங்குக்கு வந்த டிவிடெண்ட் 340 ரூபாய் வரைக்கும் அதில் இருந்தது. கீழே வரைக்கும் நகர்த்தச் சொன்னார். பிறகு கேட்டார், "மாடி வாடகை எங்கே?"

மாடியில் ஒரு குடும்பம் இருக்கிறது. மாதம் 6,000, ஐந்தாம் தேதி கையில் கொண்டுவந்து கொடுப்பார்கள். அது ஏஐஎஸ் தாளில் இல்லை. அதை யாரும் யாருக்கும் சொல்லவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அவர் கேட்கும் வரை அது எனக்கு ஞாபகத்திலேயே இல்லை. இத்தனை நாள் இந்த இழையைப் படித்த பிறகும்.

கணக்குப்பிள்ளை சார், அதை எப்படிச் சேர்க்க வேண்டும்?

---

கணக்குப்பிள்ளை62

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

வருஷ வாடகை 72,000. மாநகராட்சிக்குக் கட்டின வீட்டு வரியில் மாடிப் பங்கைக் கழிக்கலாம், அதை விட்டுவிட்டு இப்போதைக்குப் பார்ப்போம். அதில் 30 சதவீதம் பராமரிப்புக்கென்று கழியும், ரசீது எதுவும் வேண்டாம். மீதி 50,400. மொத்தம் 7,85,400 ஆகும். வரி 28,540, செஸ் சேர்த்து 29,680. டிவிடெண்டும் சேமிப்பு வட்டியும் சேர்ந்தால் சில நூறு கூடும். படிவத்தில் வீட்டு வருமானத்துக்குத் தனிப் பகுதி உண்டு, வீட்டு வரி ரசீதை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

---

வைகைக்கரை

வீட்டு வரி ரசீதை அப்பா பீரோவில் தேடிக்கொண்டிருக்கிறார். கிடைத்ததும் போட்டுவிடுகிறேன்.